அளவு பிளவுஸா, இஞ்ச் டேப்பா? தைக்கக் கொடுக்கும் முன் எதை நம்புவது

மும்பைப் பக்கம் டோம்பிவிலியில் இருக்கும் என் தங்கை, அண்ணன் மகன் கல்யாணத்துக்காக ஒரு பட்டுப் புடவை பிளவுஸை ஆன்லைனில் தைக்கக் கொடுத்தாள். அளவை அலட்சியமாக எடுக்கவில்லை. நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய பிளவுஸை மேசையில் விரித்து, கால் இஞ்ச் பிசகாமல் அளந்து எழுதினாள். மார்புச் சுற்று 37½ என்று வந்தது. அதையே ஆன்லைன் கடையின் அளவுப் படிவத்தில் போட்டாள். பிளவுஸ் வந்தபோது அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு பிடி துணி தொங்கியது. நான் டேப் வைத்துப் பார்த்தேன். 39 இருந்தது.

தைத்தவர்கள் தப்பு செய்யவில்லை. அந்தப் படிவத்தில் மேலே சின்ன எழுத்தில் "Body Measurement" என்று இருந்தது. கேட்டது உடம்பின் அளவை. இவள் கொடுத்தது துணியின் அளவை. அவளுடைய உடம்பு 36தான். பழைய பிளவுஸை முதலில் தைத்தவர் அதில் ஒன்றரை இஞ்ச் லூஸ் சேர்த்திருந்ததால் அது 37½ ஆக இருந்தது. ஆன்லைன்காரர்கள் அந்த 37½ஐ உடம்பு என்று எடுத்துக்கொண்டு, தங்கள் பங்குக்கு இன்னொரு ஒன்றரை இஞ்ச் சேர்த்துவிட்டார்கள்.

செம்பூரில் வீட்டிலேயே பல வருடங்களாக பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். என்னிடம் திருத்தக் கொண்டு வரும் பிளவுஸ்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே குழப்பம்தான். லூஸை இரண்டு பேர் சேர்த்திருப்பார்கள், இல்லையென்றால் யாருமே சேர்த்திருக்க மாட்டார்கள். அதனால் அளவு எப்படிக் கொடுப்பது என்று யாராவது கேட்டால், லூஸ் யார் சேர்க்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன். அளவு கொடுக்க நான்கு வழி இருக்கிறது. அளவு பிளவுஸ் கொடுப்பது, நாமே உடம்பை அளப்பது, டெய்லரிடம் போய் நிற்பது, சைஸ் நம்பர் சொல்லி வாங்குவது. ஒவ்வொன்றிலும் லூஸ் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது.

சைஸ் நம்பரை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 36 என்று போட்டிருக்கும் ரெடிமேட் பிளவுஸ் ஒரு கடையில் 36 உடம்புக்காகத் தைத்ததாக இருக்கும். இன்னொரு கடையில் துணியே 36 இருக்கும். அந்த எண் மார்பை மட்டும்தான் சொல்கிறது. தோள், கை, உயரம் எல்லாம் அவர்கள் எடுத்துக்கொண்ட சராசரி. இழுவை உள்ள லைக்ரா பிளவுஸுக்கு அது போதும். பட்டுக்கும் டிஷ்யூவுக்கும் போதாது. அவ்வளவுதான்.

மும்பையில் அதிகம் பேர் செய்வது அளவு பிளவுஸ் கொடுப்பது. இங்கே டெய்லர் கேட்பதும் அதைத்தான்: "நாப் கா பிளவுஸ் லாயா க்யா?" இதில் பெரிய வசதி, லூஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த இறுக்கம் எவ்வளவு என்று வாயால் சொல்லவே வேண்டாம். டெய்லர் அந்தத் துணியை அப்படியே நகல் எடுத்தால் போதும். அதே கட்டிங், அதே மாதிரித் துணி, அதே டெய்லர் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. நான் தைப்பதில் முக்கால்வாசி இப்படித்தான்.

ஆனால் அந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அளவு பிளவுஸ் சொல்வது முழு உண்மையாக இருக்காது. கட்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இருக்கும் பழைய காட்டன் பிளவுஸ்களில் நிறைய கிராஸ் கட். முன்பக்கத் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டியிருப்பார்கள். குறுக்கு வாட்டத்தில் துணி லேசாக நீண்டுகொடுக்கும், அதனால்தான் அது உடம்போடு ஒட்டி உட்காருகிறது. மேசையில் வைத்து அளந்தால் ஓர் அளவு வரும், போட்டுக்கொண்டால் அதைவிட அரை இஞ்சோ முக்கால் இஞ்சோ விரியும். அதே எண்ணை வைத்து லைனிங் கொடுத்து, கனமான ராசில்க்கில் பிரின்சஸ் கட் தைத்தால் அந்த விரிவு கிடைக்காது. எண் சரியாக இருக்கும், கொக்கி மாட்டும்போது மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கும். கட்டிங் மாறும்போது அளவு பிளவுஸ் கொடுக்கலாம், ஆனால் "இது கிராஸ் கட், எனக்கு வேண்டியது பிரின்சஸ் கட், உடம்பு அளவும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

எந்த பிளவுஸை அளவுக்குக் கொடுப்பது என்பதும் முக்கியம். பலர் தங்களுக்கு மிகவும் சுகமான பிளவுஸைக் கொடுக்கிறார்கள். அது பெரும்பாலும் நூறு முறை துவைத்து, துணி தளர்ந்து, பக்கத் தையல் ஒரு முறை பிரித்து விட்டதாக இருக்கும். கொடுக்கும் முன் அதைப் போட்டு, எல்லாக் கொக்கியும் மாட்டி, கண்ணாடி முன் நின்று பாருங்கள். கொக்கிகளுக்கு நடுவே துணி குறுக்கே வரிவரியாக இழுத்தால் மார்பு போதவில்லை. அக்குள் பக்கத்தில் மேலும் கீழுமாக மடிப்பு விழுந்தால் அதிகம். மார்பில் பிடித்திருக்கும் டாட் என்ற மடிப்புத் தையலின் நுனிக்கு மேலே காலியாகக் குழிந்து நின்றால் டாட் உயரம் தப்பு. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அடிப்பட்டி மார்பின் மேல் ஏறக் கூடாது. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அந்தக் குறை புது பிளவுஸிலும் அப்படியே வரும். டெய்லர் நகல்தான் எடுக்கிறார், திருத்தம் நாம் சொன்னால்தான் செய்வார்.

அளவு பிளவுஸை நாமே அளந்து எண்ணாக எழுதுவதானால் இன்னொரு பொறி உண்டு. மேசையில் விரித்து ஓர் அக்குளிலிருந்து இன்னொரு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கச் சொல்வார்கள். குர்த்தாவுக்கு அது சரி. பிளவுஸுக்குச் சரியில்லை, ஏனென்றால் பிளவுஸில் முன்பக்கமும் முதுகும் ஒரே அகலம் இல்லை. என் தங்கையின் பிளவுஸில் முதுகு 17½ இஞ்ச். முன்பக்கத்தில் கொக்கி வரிசையிலிருந்து டாட் நுனி வழியாகப் பக்கத் தையல் வரை ஒரு பாதி 10 இஞ்ச், இரண்டு பாதியும் சேர்ந்து 20. மொத்தம் 37½. முதுகை மட்டும் இரண்டால் பெருக்கியிருந்தால் 35 என்று வந்திருக்கும். இரண்டரை இஞ்ச் காணாமல் போயிருக்கும். முன்பக்கத்தை அளக்கும்போது கொக்கியைக் கழற்றிவிட்டு, கொக்கி தைத்திருக்கும் கோடு வரை மட்டும் டேப்பை வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் வளையம் தைத்த பட்டி ஒன்று உள்ளே நீண்டிருக்கும். அது கொக்கிக்கு அடியில் போய்விடுவதால் கணக்கில் சேராது. வளையம் இருக்கும் கோட்டோடு நிறுத்த வேண்டும்.

ஆர்ம்ஹோலிலும் இதே மாதிரி ஒரு தப்பு நடக்கும். கை பொருத்தியிருக்கும் அந்த வட்டத்தை மேலிருந்து கீழே நேராக அளந்து இரட்டிப்பாக்கக் கூடாது. டேப்பைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிமிர்த்தி, தையல் வளைவின் மேலேயே நடத்திக்கொண்டு போக வேண்டும். தங்கையின் பிளவுஸில் நேராக அளந்து இரட்டித்தால் 15, வளைவோடு போனால் 16½. இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

சரி, அடுத்த வழி உடம்பை அளப்பது. இங்கே லூஸ் எங்கும் இல்லை. நீங்கள் கொடுப்பது வெறும் உடம்பு, லூஸ் சேர்ப்பது தைப்பவரின் வேலை. அதனால் "கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும்" என்று நாமே அரை இஞ்ச் கூட்டி எழுதக் கூடாது. தளர்வாக வேண்டுமானால் அதைக் குறிப்பில் தனியாக எழுதலாம். எண்ணைத் தொட வேண்டாம்.

டேப்பை முதலில் சோதியுங்கள். வீட்டில் பத்து வருடமாகக் கிடக்கும் துணி டேப் இழுத்து இழுத்து நீண்டிருக்கும். 30 செ.மீ. இரும்பு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, செ.மீ. பக்கம் 30க்கு 30 பொருந்துகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கல்யாணத்தன்று போடப் போகும் உள்ளாடையையே போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். பேட் உள்ளதற்கும் இல்லாததற்கும் மார்புச் சுற்று ஒரு இஞ்ச் வரைகூட மாறும், மார்பு முனை இருக்கும் உயரமும் மாறும்.

மார்புச் சுற்றை எடுக்கும்போது டேப் முன்னால் சரியாக இருக்கும், முதுகில் இறங்கிவிடும். நம் கண்ணுக்கு அது தெரியாது. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று பாருங்கள். டேப் தரைக்கு இணையாக ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மூச்சை இழுக்காமல், சாதாரணமாக விட்டபடி, டேப்புக்கு அடியில் ஒரு விரல் நுழையாத அளவு ஒட்டி, ஆனால் சதை அழுந்தாமல் எடுங்கள். மூன்று தரம் எடுத்தால் மூன்றும் கால் இஞ்சுக்குள் வர வேண்டும். ஒன்று 36, ஒன்று 37 என்று வந்தால் டேப் எங்கோ சரிந்திருக்கிறது.

இடுப்பு என்று கேட்கும் இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிளவுஸ் படிவத்தில் "Waist" என்று இருந்தால், அது புடவை கொசுவம் சொருகும் இடம் இல்லை. பிளவுஸ் எங்கே முடிகிறதோ, அதாவது மார்புக்குக் கீழே அடிப்பட்டி உட்காரும் இடத்தின் சுற்று. என் தங்கைக்கு அங்கே 31, புடவை கட்டும் இடத்தில் 34. இரண்டாவதை எழுதினால் பிளவுஸின் அடிப்பக்கம் குடை மாதிரி விரிந்து நிற்கும். படிவத்தில் படம் இருந்தால் எண்ணைப் போடும் முன் அந்தப் படத்தில் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்.

கைச் சுற்றை, கை முடியும் இடத்தில், முழங்கையை லேசாக மடக்கியபடி அளக்க வேண்டும். மடக்கும்போது புஜம் உருண்டு வரும். தொங்கவிட்டு அளந்தால் வண்டியில் கம்பியைப் பிடிக்கும்போதுதான் அது போதவில்லை என்று தெரியும்.

உயரம், கை நீளம், கழுத்து ஆழம், தோளிலிருந்து மார்பு முனை வரை, இவற்றுக்கெல்லாம் லூஸே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சுற்றாக வருவதற்கு லூஸ் உண்டு, நீளமாகப் போவதற்கு இல்லை. அதனால் நீளங்களை உடம்பில் எடுத்தாலும் பிளவுஸில் எடுத்தாலும் ஒரே எண் வர வேண்டும். பிளவுஸ் உயரத்தை மட்டும், கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் தொடங்கி, மார்பு முனை மேலே போய், அடிப்பட்டி முடியும் இடம் வரை எடுக்க வேண்டும். முதுகில் எடுத்த உயரம் அதைவிடக் குறைவாக இருக்கும். மார்பின் மேடு முன்பக்கத்தில் துணியைச் சாப்பிடுகிறது. தங்கைக்கு முன்னால் 14½, முதுகில் 14. அரை இஞ்ச் சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். முதுகு உயரத்தை முன்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் அடிப்பட்டி மார்பின் கீழ்ப்பகுதி மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும், நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உடம்பை அளப்பதில் தனியாக முடியாதவை சில உண்டு. தோள் அகலம், ஆர்ம்ஹோல், முதுகுக் கழுத்து ஆழம் மூன்றையும் நமக்கு நாமே எடுத்தால் டேப்பைத் தேடித் தோளைத் தூக்குவோம், தோள் தூக்கினால் அளவு போச்சு. வேறொருவர் எடுக்க வேண்டும். தோள் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்றால் கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொல்லுங்கள். எலும்பு முனையில் ஒரு குழி விழும். அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டு, கையை இறக்கிய பிறகு, முதுகுப் பக்கமாக ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளி வரை அளக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லை என்றால் இந்த மூன்றை மட்டும் நல்ல அளவு பிளவுஸிலிருந்து எடுங்கள், ஆனால் பக்கத்தில் "பிளவுஸில் எடுத்தது" என்று எழுதிவிடுங்கள்.

ஆர்ம்ஹோலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கேட்பவர்களின் ஆசையே தப்பாக இருக்கிறது. "அக்குள் இறுக்குது, அங்கே மட்டும் நல்லா லூஸ் விடுங்க" என்று வந்து கேட்பார்கள். டெய்லர் ஆர்ம்ஹோலைக் கீழே இறக்கி வெட்டுவார். அப்புறம் கையைத் தூக்கினால் பிளவுஸே கூடக் கிளம்பி வரும். காரணம் இது: கை உடம்போடு சேரும் இடத்துக்கு மிக அருகில் அந்த வட்டம் இருந்தால், கை மட்டும் அசையும். வட்டம் கீழே இறங்கிவிட்டால், கை தூக்கும்போது பக்கத் துணி முழுவதையும் சேர்த்து இழுக்கும். தைத்தபின் வட்டத்தை இறக்கலாம், ஏற்ற முடியாது. வெட்டிய துணி திரும்ப வராது. அக்குளில் இறுக்கம் இருந்தால் பெரும்பாலும் ஆர்ம்ஹோல் ஆழம் காரணமாக இருக்காது. கைத்துணியின் அகலமோ முன்பக்க மார்போ போதாமல் இருக்கும். உடம்பில் அளக்கும்போது கை தொங்கிய நிலையில், தோள் எலும்பு முனை மேலே போய் அக்குளுக்கு அடியில் சுற்றி, ஒரு விரல் நுழையும் அளவு விட்டு எடுத்தால் போதும். தங்கைக்கு உடம்பில் 16, பிளவுஸில் 16½. அந்த அரை இஞ்ச்தான் நல்ல இடைவெளி. ஆன்லைனில் வந்த பிளவுஸில் 17½ இருந்தது. பக்கங்களைப் பிடித்து மார்பை நான் சரி செய்துவிட்டேன், ஆர்ம்ஹோலை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்யாணத்தில் அவள் அதைப் போடவில்லை.

மூன்றாவது வழி டெய்லரிடம் போய் நிற்பது. நல்ல கை பட்டால் இதற்கு நிகர் இல்லை. ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது, முதுகு லேசாக முன்னால் வளைந்திருப்பது, இதெல்லாம் எந்த எண்ணிலும் வராது. பார்த்தவுடன் தெரிந்துகொண்டு வெட்டும்போது சமாளிப்பார்கள். முதல் முறை பிரின்சஸ் கட், மிக ஆழமான முதுகு, போட் நெக் மாதிரி ஏதாவது தைக்கிறீர்கள் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். ஆழமான முதுகுக் கழுத்தில் தோள் சரியும். அதைத் தடுக்க டெய்லர் தோள் அகலத்தைக் கொஞ்சம் குறைத்து வெட்டுவார், நாடா வைப்பார். அந்தக் குறைப்பை அவர் செய்யட்டும். "டீப் நெக்தானே" என்று நீங்களும் வீட்டிலேயே அரை இஞ்ச் குறைத்துக் கொண்டுபோனால், லூஸ் விஷயத்தில் நடந்த அதே இரட்டிப்பு இங்கேயும் நடக்கும்.

இதில் கஷ்டம், அளவு அவர் நோட்டில் இருக்கிறது, நம்மிடம் இல்லை. மாட்டுங்காவில் பண்டிகைக்கு முன் ஒரு டெய்லர் கடையில் நின்று பார்த்திருந்தால் தெரியும், ஒரு நிமிடத்தில் பத்து எண்ணைச் சொல்லி எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். எழுதும்போதே ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மாஸ்டர்கள் சொல்லும் வார்த்தைகள் நமக்குப் பழகியிருக்காது. மூண்டா என்றால் ஆர்ம்ஹோல், மோரி என்றால் கை முடியும் இடத்தின் சுற்று, சாத்தி மார்பு, கமர் இடுப்பு, லம்பாய் உயரம், கலா கழுத்து. சூத் என்பது ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. "சத்தீஸ் தோ சூத்" என்றால் 36¼. இதை நோட்டில் சிலர் 36.2 என்று புள்ளி வைத்து எழுதுவார்கள். அதைப் பார்த்து ஆன்லைன் படிவத்தில் 36.2 என்று தட்டினால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் 36.4 என்று அவர் எழுதியிருந்தால் அது நான்கு சூத், அதாவது முப்பத்தாறரை. 36.6 என்றால் முப்பத்தாறே முக்கால். படிவத்தில் 36.5, 36.75 என்று மாற்றிப் போட வேண்டும். இது உடம்பு அளவா, லூஸ் சேர்த்த அளவா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்: "யே பாடி கா நாப் ஹை, யா லூசிங் மிலாக்கே?" சிலர் டேப்பை வைக்கும்போதே லூஸ் விட்டுப் பிடித்து, சேர்ந்த எண்ணைத்தான் எழுதுவார்கள். அதை நீங்கள் உடம்பு அளவு என்று வேறு இடத்தில் கொடுத்தால் மீண்டும் 39தான்.

தங்கை இரண்டாவது பிளவுஸைக் கொடுக்கும்போது நான் சொன்ன வழி இது. மீந்திருந்தது வரவேற்புக்கு வாங்கிய இன்னொரு பட்டு. என்னிடம் வர அவளுக்கு நேரம் இல்லை, லோக்கல் ரயிலில் வந்து திரும்பினால் அரை நாள் போய்விடும். ஆன்லைனில்தான் கொடுக்க வேண்டும். "அக்கா, இந்தத் தடவை உடம்பு அளவை மட்டும் போட்டுடறேன்" என்றாள். வேண்டாம், இரண்டையும் எடு, பக்கத்தில் பக்கத்தில் எழுது என்றேன். அவள் வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்துக்கொள்ள, அவள் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பினாள்:

மார்பு: உடம்பு 36, பிளவுஸ் 37½
அடிப்பட்டி: உடம்பு 31, பிளவுஸ் 31½
ஆர்ம்ஹோல்: உடம்பு 16, பிளவுஸ் 16½
கைச் சுற்று: உடம்பு 11½, பிளவுஸ் 11½
முன் உயரம்: உடம்பு 14½, பிளவுஸ் 14½
கை நீளம்: உடம்பு 10, பிளவுஸ் 10

இப்படி எழுதினால் தப்பு தானாகத் தெரியும். மார்பில் பிளவுஸ் உடம்பைவிட ஒன்றிலிருந்து இரண்டு இஞ்ச் கூட இருக்க வேண்டும். அடிப்பட்டியிலும் ஆர்ம்ஹோலிலும் கைச் சுற்றிலும் அரையிலிருந்து ஒன்று. உயரமும் நீளமும் சமமாக வர வேண்டும். இந்தக் கணக்குக்குள் வராத வரி எதுவோ, அதைத் திரும்ப அளக்க வேண்டும். இந்தத் தாளில் கைச் சுற்று வரவில்லை. உடம்பும் பிளவுஸும் ஒரே எண். ஒன்று கையை ரொம்ப மடக்கிப் புஜத்தை முறுக்கி அளந்திருக்கிறாள், அல்லது அந்தப் பழைய பிளவுஸின் கை உண்மையிலேயே இறுக்கம். கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாம், சாயங்காலம் கழட்டும்போது கையில தடம் விழுந்திருக்கும்" என்றாள். அப்படியானால் உடம்பு அளவு சரி, பிளவுஸ்தான் தப்பு. பழைய பிளவுஸை மட்டும் அனுப்பியிருந்தால் அந்தத் தடம் பட்டு பிளவுஸிலும் வந்திருக்கும்.

பிளவுஸ் அளவு உடம்பைவிடக் குறைவாகவே வந்தால் மூன்று காரணம் பாருங்கள். முதுகை மட்டும் அளந்து இரட்டித்திருக்கலாம், பிளவுஸ் கிராஸ் கட்டாக இருக்கலாம், உடம்பில் டேப் முதுகுப் பக்கம் சரிந்திருக்கலாம். இரண்டரை மூன்று இஞ்ச் அதிகம் வந்தால் வளையப் பட்டியையும் சேர்த்து அளந்திருப்பீர்கள், அல்லது அந்த பிளவுஸ் உங்கள் உடம்பு வேறாக இருந்தபோது தைத்தது.

அப்புறம் படிவத்தில் எந்தப் பத்தியைப் போடுவது? "Body Measurement" என்று இருந்தால் இடது பத்தி, "Garment Measurement" என்று இருந்தால் வலது பத்தி. எதுவும் எழுதாமல் வெறுமனே "Bust" என்று மட்டும் இருந்தால் ஆர்டர் போடும் முன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராத இடத்தில் பட்டைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. நாங்கள் குறிப்புப் பெட்டியில் இரண்டையுமே எழுதினோம்: உடம்பு 36, முடிந்த பிளவுஸ் 37½ வர வேண்டும், கைச் சுற்று மட்டும் பிளவுஸில் 12, பக்கத் தையலில் உள்ளே ஒரு இஞ்ச் துணி விடவும். உடம்பும் முடிந்த அளவும் சேர்ந்தே இருந்தால், யார் தைத்தாலும் லூஸை இரண்டு தரம் சேர்க்க முடியாது.

உள்ளே துணி விடச் சொல்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பக்கத் தையல் இரண்டு, ஒவ்வொன்றிலும் முன் துணி ஒன்று, முதுகுத் துணி ஒன்று, ஆக நான்கு ஓரம். ஒவ்வொரு ஓரத்திலும் அரை இஞ்ச் பிரித்து விட்டால் மொத்தச் சுற்றில் இரண்டு இஞ்ச் கிடைக்கும். ஆனால் பட்டிலும் டிஷ்யூவிலும் பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரியும். அதனால் அந்தத் துணிகளில் சந்தேகம் இருந்தால் கால் இஞ்ச் பெரியதாகத் தைத்துப் பிடிப்பதே மேல். சின்னதாகத் தைத்துப் பிரிப்பது வேண்டாம். புடவையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 செ.மீ. அளவில்தான் இருக்கும். நீளக் கை, உள்ளே தாராள மார்ஜின் இரண்டும் வேண்டுமென்றால் துணி போதுமா என்று முதலில் கேளுங்கள். காட்டன் என்றால் துணியையும் லைனிங்கையும் கொடுக்கும் முன் ஓர் இரவு ஊற வைத்துக் காயப் போடுங்கள். அளவு பிளவுஸ் ஏற்கெனவே சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது, புதுத்துணி இன்னும் சுருங்கவில்லை. இரண்டையும் ஒரே எண்ணில் தைத்தால் முதல் துவைப்பில் உயரம் குறையும்.

அளவு பிளவுஸை கூரியரில் அனுப்பச் சொல்லும் கடைகளும் உண்டு. அனுப்பலாம், அது துல்லியமாகவே இருக்கும். ஆனால் இருக்கிற ஒரே நல்ல பிளவுஸைக் கொடுக்க வேண்டாம், கொடுப்பதானால் மேலே சொன்ன தாளை எழுதி வைத்துக்கொண்ட பிறகு கொடுங்கள். தொலைந்தாலும் எண் இருக்கும்.

வரவேற்பு பிளவுஸ் பத்து நாளில் வந்தது. தங்கை போடும் முன் டேப் வைத்துப் பார்த்தாள். மார்பு 37½, ஆர்ம்ஹோல் 16½, கைச் சுற்று 12. முன் உயரம் மட்டும் 14¾ இருந்தது, அடிப்பட்டியில் கால் இஞ்ச் மடித்துத் தைத்துக்கொடுத்தேன். அந்தத் தாளில் மேலே தேதி எழுதி, பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். அடுத்த முறை தைக்கும்போது மார்பையும் அடிப்பட்டியையும் கைச் சுற்றையும் மட்டும் புதிதாக எடுத்தால் போதும். உடம்பு கூடினாலும் குறைந்தாலும் முதலில் மாறுவது அந்த மூன்றும்தான், உயரமும் தோளும் அவ்வளவு எளிதில் மாறாது.